எழுத்து இல்லாமல் நண்பருக்குக் கொடுத்த கடன்: மாத்தளையில் எங்கே போவது, எதைக் காட்டுவது?

"கையெழுத்து வாங்கினாயா? இல்லையா? அப்ப அந்தக் காசை மறந்துவிடு." நண்பருக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கிடைக்காமல் நிற்பவருக்கு ஊரில் முதலில் கிடைக்கும் ஆலோசனை இதுதான். சட்டப்படி பார்த்தால் இது தவறு. இலங்கையில் வாய்மொழியாகக் கொடுத்த கடனும் கடன்தான். அதற்காக வழக்குத் தொடரலாம், வெல்லவும் முடியும்.

எந்தெந்த உடன்படிக்கைகள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. காணி விற்பதும் ஈடு வைப்பதும் அதில் வருகின்றன. இன்னொருவருடைய கடனுக்குப் பொறுப்பு நிற்பதும் வருகிறது. ஒருவர் மற்றவருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "எழுத்து இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் வழக்கை நீதிமன்றம் தள்ளிவிடாது. ஆனால் நண்பரின் அண்ணன் வந்து "அவன் தராவிட்டால் நான் தருகிறேன்" என்று பத்துப் பேர் முன்னிலையில் சொல்லியிருந்தாலும், அவர் கையெழுத்திட்ட எழுத்து இல்லாவிட்டால் அண்ணன்மீது வழக்குப் போட முடியாது. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு, பொறுப்புச் சொன்னவரின் வீட்டுக்கு நடந்தே வருடங்களைக் கழிக்கிறார்கள்.

அந்த வருடங்கள்தான் உண்மையான ஆபத்து. வழக்குத் தொடரும் காலவரம்பை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. அதன் 7ஆம் பிரிவின்படி, எழுத்துப் பிணை இல்லாமல் கொடுத்த பணத்துக்கு மூன்று வருடங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்தில் கொடுத்த வாக்குறுதி என்றால் ஆறு வருடங்கள். திருப்பித் தரும் நாள் ஒன்று பேசப்பட்டிருந்தால் அந்த நாள் தவறியதிலிருந்து காலம் ஓடும். நாள் எதுவும் பேசாமல் "இருக்கும்போது தா" என்று கொடுத்திருந்தால், பணம் கைமாறிய நாளிலிருந்தே மூன்று வருடங்களை எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. நட்புக்காகப் பொறுத்திருந்த காலத்தை யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்படி ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். மாத்தளை நகரில் சிறிய கடை வைத்திருக்கும் ஒருவர், மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் தன் பள்ளி நண்பருக்கு 2023 மார்ச் 18ஆம் திகதி 240,000 ரூபாய் கொடுக்கிறார். அதில் 150,000 ரூபாய் வங்கிக் கணக்கின் வழியே போகிறது. மிகுதி 90,000 ரூபாயை, மனைவியின் சங்கிலியை அன்று காலை வங்கியில் அடகு வைத்துக் காசாகக் கொடுக்கிறார். எப்போது திருப்பித் தருவது என்று திட்டமாகப் பேசவில்லை. 2024 பெப்ரவரி 10ஆம் திகதி நண்பர் 20,000 ரூபாயைக் கணக்கில் போடுகிறார். அதன்பின் "மச்சான், கொஞ்சம் பொறு" என்று வட்ஸ்அப்பில் இரண்டு குரல் பதிவுகள் வருகின்றன. பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்.

இந்தக் கடைக்காரர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. பணம் கைமாறியது என்பது ஒன்று, அது கடனாகவே கைமாறியது என்பது மற்றது. சாதாரண மனிதர்கள் முதலாவதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது இரண்டாவதில்தான். 150,000 ரூபாய் போனதை வங்கிக் கூற்று காட்டிவிடும், நண்பர் அதை மறுக்கவும் மாட்டார். "ஆமாம், வந்தது. அது வியாபாரத்துக்கு அவர் போட்ட முதல். அந்தப் போகத்தில் விலை விழுந்தது, நட்டம் வந்தது, முதல் போய்விட்டது" என்று சொல்வார். அல்லது "முன்பு நான் அவருக்குக் கொடுத்திருந்ததைத் திருப்பித் தந்தார்" என்பார். வங்கிக் கூற்றில் தொகையும் திகதியும் இருக்கும், காரணம் இருக்காது.

ஆகவே காரணத்தைச் சொல்லும் சான்று வேண்டும். இந்த உதாரணத்தில் அந்த வேலையை மிக நன்றாகச் செய்வது திரும்பி வந்த 20,000 ரூபாய். அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தை யாரும் பகுதி பகுதியாகத் திருப்பித் தருவதில்லை. நட்டப்பட்ட வியாபாரத்தின் முதலும் வட்டமான தொகையில் திரும்பி வருவதில்லை. அந்தத் தொகை வந்த நாளை ஒட்டி "இப்போதைக்கு இதை வை, மிச்சத்தைப் பிறகு தாறேன்" என்று ஒரு செய்தி இருந்தால், கடன் என்ற கதை ஏறக்குறைய முழுமையாகிவிடும்.

அந்தப் பகுதிக் கொடுப்பனவு இன்னொரு விதத்திலும் உதவுகிறது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காலவரம்பைப் புதுப்பிக்க வாய்ச்சொல் போதாது. கடன் பட்டவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். ஆனால் முதலிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கொடுத்தால், அந்தக் கொடுப்பனவுக்குரிய பலனை அதே சட்டம் அப்படியே வைத்திருக்கிறது. மார்ச் 18இலிருந்து எண்ணினால் கடைக்காரரின் காலம் 2026 மார்ச்சில் முடிந்திருக்கும். 20,000 ரூபாய் வந்த நாளிலிருந்து எண்ணினால் 2027 பெப்ரவரி வரை நீள்கிறது. அதே 20,000 ரூபாயைக் கையில் காசாக வாங்கியிருந்தால், அதை வாங்கியதையும் அவர் நிரூபிக்க வேண்டி வந்திருக்கும். கடன்காரர் 2,000 ரூபாய் தந்தாலும் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்று சட்டத்தரணிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

"கொஞ்சம் பொறு, தாறேன்" என்ற குரல் பதிவு அப்படிப்பட்டதல்ல. கடன் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் காலத்தை நீட்டும் "கையெழுத்திட்ட எழுத்து" என்று அதை ஏற்கவைப்பது கடினம். எழுத்தில் வந்த வட்ஸ்அப் செய்தி விடயத்தில், இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தை வைத்து வாதிட இடமுண்டு. வாதிட இடமுண்டு என்பதற்காக மூன்றாவது வருடத்தைக் கடந்துபோக விடுவது புத்திசாலித்தனமல்ல.

மிஞ்சியிருப்பது காசாகக் கொடுத்த 90,000 ரூபாய். இங்கே அடகுச் சீட்டு பேசுகிறது. அதே நாளில் அடகு வைத்து எடுத்த காசு கடையிலோ வீட்டிலோ வேறு எதற்கும் செலவாகவில்லை என்பதை மனைவி சொல்லலாம். மனைவியின் சாட்சியம் செல்லாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அப்படி எந்த விதியும் இல்லை. ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கே கிடையாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. நெருங்கிய உறவினர் என்பதால் நீதிபதி அவருடைய சொல்லைக் கவனமாக எடைபோடுவார், அவ்வளவுதான். அடகுச் சீட்டைப்போலவே, சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டில் இருந்த மற்றவர்களும், சேமலாப நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அதன் ஆவணமும் உதவும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் திகதியோடு ஒரு தடம் இருந்தால், "கொடுத்தேன்" என்ற வார்த்தைக்கு முதுகெலும்பு கிடைக்கிறது.

கடைக்காரர் கொப்பியில் தன் கையால் "240,000 கடன்" என்று எழுதி வைத்திருந்தால்? ஒழுங்காக வைத்துவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவு சான்றாக வரலாம். ஆனால் அதை மட்டும் வைத்து இன்னொருவர்மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நாள்தோறும் எழுதிய கொப்பியில் வரிசையில் வரும் ஒரு வரிக்கு ஓரளவு மதிப்பு உண்டு. பிரச்சினை வந்தபின் தனித்தாளில் எழுதிய குறிப்புக்கு அது கிடைக்காது.

நண்பர் "அது கூட்டு வியாபார முதல்" என்று சொல்வாரானால், அவருக்கும் ஒரு தடை இருக்கிறது. மேலே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் காலத்து நூறு பவுணுக்கு மேற்பட்ட முதலுள்ள கூட்டு வியாபாரத்தை நிறுவுவதற்கு எழுத்து வேண்டும் என்கிறது. எழுத்து இல்லை என்று உங்களைப் பார்த்துச் சிரித்தவர், தன் பதிலுக்கும் எழுத்து இல்லாமல் நிற்பார்.

இன்றும் செய்யக்கூடியது

எழுத்து இல்லாமல் கொடுத்தவர் எழுத்தை இப்போது உண்டாக்கலாம். நண்பர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அதுதான் நேரம். கோபமாக அல்லாமல், திகதியையும் தொகையையும் சொல்லி ஒரு செய்தி அனுப்புங்கள். "2023 மார்ச்சில் கடனாகத் தந்த இரண்டு இலட்சத்து நாற்பதில் நீ இருபது தந்தாய். மிச்சம் இரண்டு இலட்சத்து இருபதை எப்போது தரலாம்?" என்ற மாதிரி. இதற்கு "சித்திரைக்குப் பிறகு" என்று ஒரு சொல் பதில் வந்தாலும், கேள்வியில் உள்ள கடன், தொகை, திகதி எல்லாவற்றையும் அந்தப் பதில் ஏற்றுக்கொள்கிறது. "காசு எப்ப?" என்று மட்டும் கேட்டு "தாறேன்" என்று பதில் வந்தால், எவ்வளவு காசு, எதற்கான காசு என்பது கேள்வியாகவே நிற்கும். தொகையைக் கூட்டிக் கேட்டால் அவர் திருத்தி எழுதுவார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அதைச் செய்ய வேண்டாம். குறுக்கு விசாரணையில் முதலில் வெளிவருவது நீங்கள் உங்கள் கையால் எழுதிய பொய்த் தொகையாகத்தான் இருக்கும்.

அந்தச் செய்திகளைக் காப்பாற்றுவது தனி வேலை. திரைப்படம் எடுத்தால் பெயர் மட்டுமல்ல, தொலைபேசி இலக்கமும் திகதியும் தெரிய வேண்டும். குரல் பதிவை வேறொருவருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழிக்கக் கூடாது. பழைய தொலைபேசியை விற்கவும் கூடாது. ஒலிப்பதிவுகளையும் கணினிவழிச் சான்றையும் நீதிமன்றத்தில் சேர்க்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனால் விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன்பே, எதிர்த்தரப்புக்கு அறிவித்து, அவற்றின் விபரத்தை நீதிமன்றத்தில் கோப்பிட வேண்டும். வழக்கு நாளன்று தொலைபேசியை நீட்டி "கேளுங்கள் ஐயா" என்றால் நடக்காது. ஆகவே சட்டத்தரணியைச் சந்திக்கும் முதல் நாளே எல்லாப் பதிவுகளையும் காட்டிவிடுங்கள். மாத்தளை நீதிமன்றத்தின் மொழி சிங்களம் என்பதால், தமிழில் உள்ள செய்திகளைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சிங்களத்தில் பெறவும் வேண்டும். "தாறேன்" என்பதன் மொழிபெயர்ப்பில் வழக்கே தங்கியிருக்கலாம். அதைக் கைபோன போக்கில் விட முடியாது. சாட்சியத்தை நீங்கள் தமிழில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் வசதி உங்கள் உரிமை.

நண்பர் பேச்சை நிறுத்திவிட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். தபால் பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். மௌனம் சம்மதம் என்று நாம் பழமொழியாகச் சொல்வதற்குச் சட்டத்திலும் ஓர் அளவுக்கு இடமிருக்கிறது. சரவணமுத்து எதிர் டி மெல் என்ற 1948ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து, கொடுக்கல் வாங்கல் சம்பந்தமான கடிதம் ஒன்றில் சொல்லப்பட்ட விடயத்தை மறுப்பவர் பதில் எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் அது அவருக்கு எதிராக எடுக்கப்படலாம் என்ற கொள்கையை நம் நீதிமன்றங்கள் பின்பற்றி வந்திருக்கின்றன. இது எல்லாக் கடிதத்துக்கும் பொருந்தாது. நண்பர்களுக்கிடையிலான தனிப்பட்ட மனத்தாங்கல் கடிதத்துக்கோ, நீலக் குறி விழுந்தும் பதில் வராத வட்ஸ்அப் செய்திக்கோ அதே கனம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். தொகை, திகதி, செலுத்தத் தவணை எல்லாம் சொல்லும் முறையான கடிதம் வேறு வகை. மறுத்துப் பதில் வந்தாலும் அது வீணல்ல. "வாங்கவே இல்லை" என்று கடிதத்தில் எழுதியவர், பின்னர் நீதிமன்றத்தில் "வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்வாரானால், அவருடைய இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

பொலிஸ், மத்தியஸ்த சபை, நீதிமன்றம்

பலர் முதலில் போவது பொலிஸுக்கு. கடனைத் திருப்பித் தராதது தனியே குற்றமல்ல. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் தண்டனைச் சட்டக் கோவையின் மோசடி என்ற பேச்சு வரும். ஒரு பகுதியைத் திருப்பித் தந்த நண்பர்மீது அதைக் காட்டுவது கடினம். முறைப்பாட்டின் பிரதி, நீங்கள் அன்று அப்படிச் சொன்னீர்கள் என்பதை மட்டுமே காட்டும்.

240,000 போன்ற தொகைக்குச் சட்டப்படி முதல் வாசல் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், குறித்த பெறுமதிக்கு உட்பட்ட கடன் பிணக்கை முதலில் அங்கே கொண்டுபோக வேண்டும். இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்பவர்களும் அல்லர். நண்பர் வராமல் விட்டால் அவரைக் கட்டி இழுத்துவர அவர்களால் முடியாது. ஆனால் சான்றிதழ் கிடைக்கும்.

இங்கே கவனிக்க ஒன்றுண்டு. சபையின் முன் சொன்ன எதையும் பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்த முடியாது. "போன ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டான்" என்பது அங்கேயே முடிந்துவிடும். ஒத்துக்கொள்கிறார் என்றால், அதை இணக்கமாக எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எத்தனை தவணை, எந்தத் திகதி, எந்த வங்கிக் கணக்கு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எழுத்தில் இல்லாதிருந்த கடன் அந்த நாளில் எழுத்துக்கு வருகிறது. என்னைக் கேட்டால், வாய்மொழிக் கடன் கொடுத்தவருக்கு மத்தியஸ்த சபையின் மிகப் பெரிய பயன் இந்தக் கையெழுத்துத்தான். மூன்றாவது வருடத்தின் கடைசி மாதத்தில் சபைக்குப் போகாதீர்கள். திகதிகள் தள்ளிப்போகும்.

சான்றிதழோடு மாத்தளை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே நடப்பது சாதாரண நடைமுறை வழக்கு. வங்கிகள் பயன்படுத்தும் 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் கடன் வழங்கும் நிறுவனங்களுக்கானது. வாக்குறுதிப் பத்திரம் இருப்பவருக்குக் கிடைக்கும் சுருக்க நடைமுறையும் வாய்மொழிக் கடனுக்குக் கிடையாது. சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கு நின்று, எந்தக் கதை கூடுதலாக நம்பத்தக்கது என்ற அளவுகோலில் தீர்ப்புப் பெற வேண்டும். குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஆவணமே இல்லாத வழக்குகளில் எப்போதாவது எழும் பழைய வழி ஒன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது. அதுதான் சத்தியம். 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், "எதிராளி எங்கள் கோவிலில் இப்படிச் சத்தியம் செய்தால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு தரப்பு நீதிமன்றத்தில் முன்வரலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் "இந்தக் கடன் எனக்கு இல்லை" என்று நண்பர் சத்தியம் செய்துவிட்டால், கேட்டவருக்கு எதிராக அதுவே முடிந்த முடிவு. வங்கிக் கூற்றைப் பிறகு நீட்ட முடியாது. அவர் மறுத்தால் கட்டாயப்படுத்தவும் முடியாது. மறுத்ததை நீதிமன்றம் பதிந்துகொள்ளும், அவ்வளவே. மூன்றாவது ஆளைப் பாதிக்கும் சத்தியத்துக்கும் இடமில்லை. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியம் ஊருக்குப் பொருந்தலாம், இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. கையில் அடகுச் சீட்டும் பகுதிக் கொடுப்பனவும் இருக்கும் நம் கடைக்காரர் இந்தப் பக்கமே போகக் கூடாது. எதுவுமே இல்லாதவருக்கு, நண்பரின் பக்தியை நன்றாக அறிந்தவருக்கு மட்டும் இது ஒரு யோசனை.

தீர்ப்புக் கிடைத்ததும் பணம் வந்துவிடுவதில்லை. தீர்ப்பை நிறைவேற்ற மீண்டும் விண்ணப்பித்து, எதிராளியின் பெயரிலுள்ள சொத்தைக் கைப்பற்றி விற்பிக்க வேண்டும். அதற்குப் பத்து வருட அவகாசம் இருக்கிறது. நண்பர் ஓட்டும் வாகனம் லீசிங் நிறுவனத்தின் உரிமையில், வீடு தாயின் பெயரில் என்றால் கைப்பற்ற ஒன்றும் இருக்காது. ஆகவே வழக்குப் பதிவதற்கு முன், 220,000 ரூபாய்க்கு ஈடாக அவர் பெயரில் என்ன இருக்கிறது என்பதை விசாரித்துக்கொள்வதும் சான்று தேடுவதன் ஒரு பகுதிதான். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், மாதம் 10,000 என்று மத்தியஸ்த சபையில் கையெழுத்திட்ட இணக்கம், நீதிமன்றத் தீர்ப்பைவிடக் கூடுதலான பணத்தைக் கொண்டுவரலாம்.